சிறிய மசாலா நிறுவனத்திடம் ஸ்பான்சர் கேட்டு முதல் மெயில் எழுதுவது: பார்வை எண்ணிக்கை குறைந்த சமையல் சேனலுக்கு ஒரு முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சமையல் சேனல் வைத்திருக்கும் நாலைந்து பேர், ஸ்பான்சர் கேட்டு எழுதிய மெயிலை அனுப்பும் முன் என்னிடம் காட்டியிருக்கிறார்கள். எல்லோரும் மெயிலைத்தான் முதலில் எழுதியிருந்தார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய ஆறு வேலைகளை யாரும் செய்திருக்கவில்லை. நானும் அப்படித்தான் முதல் ஐந்து மெயில்களை அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஆறாவது மெயிலுக்கு மறுநாளே பதில் வந்தது. அந்த ஆறாவதை எப்படித் தயார் செய்தேன் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

என் சேனலுக்கு அப்போது 1,900 சப்ஸ்கிரைபர்கள். நான் எழுதியது டர்பனின் வடகரைப் பக்கம் குடும்பமாக மசாலா அரைத்து விற்கும் ஒரு சிறிய நிறுவனத்துக்கு. சொந்தக் கடை ஒன்று, சில பல்பொருள் கடைகளின் அலமாரியில் ஒரு தட்டு, ஒரு முகநூல் பக்கம், அவ்வளவுதான். பெரிய நிறுவனத்துக்கு எழுதும் முறை வேறு. அதை இதில் கலக்க வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: குறைந்தது பத்து வீடியோ போட்ட சேனல், உங்கள் சொந்தப் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி, உங்கள் காசில் வாங்கிய அந்த நிறுவனத்தின் மசாலா ஒரு பாக்கெட், அப்புறம் இரண்டு மாத அவகாசம். அவகாசம் ஏன் என்பது ஐந்தாவது படியில் வரும்.

1. உங்கள் உண்மையான பார்வை எண்ணைக் கண்டுபிடியுங்கள்

கடைசிப் பத்து வீடியோக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் வெளியான முதல் 28 நாளில் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்று எழுதுங்கள். இன்று வரையிலான மொத்தத்தை எடுக்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன் போட்ட வீடியோவும் போன மாதம் போட்டதும் ஒரே தராசில் நிற்காது. மேலும், பண்டிகைக்கு விற்க நினைப்பவருக்கு முதல் மாதம்தான் முக்கியம்.

என் பத்து எண்கள்: 410, 520, 560, 640, 700, 760, 810, 900, 1,150, 6,200. கூட்டிப் பத்தால் வகுத்தால் 1,265 வரும். அந்த எண்ணைத்தான் முதல் ஐந்து மெயில்களிலும் எழுதியிருந்தேன். அது பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. பிரியாணி வீடியோ ஒன்று எப்படியோ ஓடிவிட்டது. அந்த 6,200 மற்ற ஒன்பதையும் தூக்கிக் காட்டுகிறது. எண்களை ஏறுவரிசையில் வைத்து நடுவில் இருக்கும் இரண்டை, அதாவது 700, 760 இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 730. அடுத்த வீடியோவுக்கு நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது இதுதான். அதிகமாகச் சொல்லிப் பணம் வாங்கினால், 28ஆம் நாள் அவர் முன் நிற்கப்போவது நீங்கள்தான்.

அடுத்து, பார்ப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள்? யூடியூப் ஸ்டூடியோவில் Analytics பகுதிக்குள் Audience பக்கத்தில் நாடுகள் வரும். Advanced mode உள்ளே போனால் Cities என்று ஊர்வாரியாகவும் பார்க்கலாம். ஒரே வீடியோவைப் பார்க்காமல், கடைசி 90 நாளுக்கு முழுச் சேனலையும் பாருங்கள். சிறிய சேனலில் ஒரு வீடியோவை மட்டும் எடுத்தால் பல ஊர்கள் பட்டியலிலேயே வராது.

எனக்கு 58 சதவீதம் தென்னாப்பிரிக்கா. 730இல் அது சுமார் 420. அதில் ஏறக்குறைய பாதி டர்பனும் சுற்றுவட்டாரமும். மீதிப் பார்வைகள் இந்தியா, மலேசியா, பிரிட்டன். நம் ஊர் மசாலா ஆலைக்கு அந்த மீதியால் பயன் இல்லை. அதைக் கழித்துவிட்டு 420ஐ மட்டும் கையில் எடுங்கள். எண் சிறிதாகத் தெரியும், பரவாயில்லை. அவருடைய மசாலாவை வாங்கக்கூடியவர்கள் இவர்களில்தான் இருக்கிறார்கள். பத்து லட்சம் பார்வை உள்ள வெளிநாட்டுச் சேனலால் அவருக்கு இதைத் தர முடியாது.

2. யாருக்கு எழுதுவது என்று தீர்மானியுங்கள்

உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே எந்த மசாலாவைப் பயன்படுத்துகிறீர்களோ அவருக்கே எழுதுங்கள். பழைய வீடியோக்களில் வேறொருவருடைய பாக்கெட் தெரிந்தால் அதைப் பார்ப்பதற்கு அவருக்கு இரண்டு நிமிடம் போதும். ஒரு தம்பி இப்படித்தான் மாட்டிக்கொண்டார். “உங்கள் மசாலாதான் எங்கள் வீட்டில்” என்று எழுதியிருந்தார். சேனலின் முகப்புப் படத்திலேயே போட்டி நிறுவனத்தின் டப்பா இருந்தது.

பிறகு மூன்று விஷயங்களைப் பாருங்கள். உங்கள் பார்வையாளர் இருக்கும் இடத்தில் அந்தப் பொருள் கிடைக்கிறதா? டோங்காட்டில் ஒரே ஒரு கடையில் மட்டும் விற்கும் மசாலாவுக்கு ஜோகன்னஸ்பர்க் பார்வையாளர்கள் உதவ மாட்டார்கள், கூரியரில் அனுப்பும் வசதி இருந்தால் தவிர. அந்த நிறுவனம் கடந்த மூன்று மாதத்தில் முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ ஏதாவது போட்டிருக்கிறதா? எதுவுமே போடாதவர் நீங்கள் தரும் வீடியோவையும் போட மாட்டார். கடைசியாக, போடும் படங்கள் எப்படி இருக்கின்றன? பாக்கெட்டை மேசைமேல் வைத்து எடுத்த படமே திரும்பத் திரும்ப வந்தால் நீங்கள் தேடும் ஆள் இவர்தான். போட வேண்டும் என்ற ஆசை இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை.

3. அவர் போடப்போகும் கணக்கை முதலில் நீங்கள் போடுங்கள்

புதிதாக எழுதுபவர்கள் எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. மெயிலில் நீங்கள் என்ன தருவதாகச் சொல்லப்போகிறீர்கள் என்பதையே இந்தக் கணக்கு மாற்றிவிடும். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

முதலில் உங்கள் செலவு. திட்டமிடவும் சாமான் வாங்கவும் 2 மணி நேரம், சமைத்துப் படம் எடுக்க 5, எடிட்டிங் 6, சிறு துண்டுகளும் படங்களும் தயாரிக்க 3. மொத்தம் 16 மணி நேரம். மணிக்கு 125 ராண்ட் என்று வைத்தேன், 2,000 ராண்ட். சாமான் செலவு 400. ஆக 2,400 ராண்ட். உங்கள் மணிக்கூலியை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் மணி நேரத்தைக் குறைத்து எழுதாதீர்கள். குறைத்தால் இரண்டாவது வீடியோவிலேயே சலிப்பு வந்துவிடும்.

இப்போது அவர் பக்கம் போய் உட்காருங்கள். பாக்கெட் விலை 60 ராண்ட் என்று கடைத் தட்டிலேயே எழுதியிருக்கிறது. அவருக்குக் கையில் நிற்பது 18 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். இது என் ஊகம்தான், ஆனால் கணக்குப் போட ஒரு எண் வேண்டும். 2,400ஐ 18ஆல் வகுத்தால் 133. கொடுத்த காசைத் திரும்ப எடுக்கவே அவர் 133 பாக்கெட் கூடுதலாக விற்க வேண்டும். உங்களிடம் இருப்பதோ 420 உள்நாட்டுப் பார்வைகள். ஒரு பார்வைக்கு ஓர் ஆள் என்று தாராளமாக வைத்தாலும், கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் எழுந்து போய் மசாலா வாங்க வேண்டும். அது நடக்காது. வியாபாரம் செய்பவருக்கு இது அரை நிமிடக் கணக்கு. என் முதல் ஐந்து மெயில்களுக்கும் பதில் வராததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நான் பார்வையை விற்றேன். என்னிடம் விற்குமளவுக்குப் பார்வை இல்லை.

அப்படியானால் என்னிடம் என்ன இருக்கிறது? அந்த மசாலாவில் ஒரு கறியை நன்றாகச் சமைத்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, வெட்டி ஒட்டித் தரும் திறமை இருக்கிறது. அவரிடம் இல்லாதது அதுதான். ஆகவே நான் தருவதை மாற்றி அமைத்தேன். என் சேனலில் எட்டு நிமிட வீடியோ ஒன்று. அவர் தன் முகநூலிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டுக்கொள்ள, கைபேசியில் நிமிர்ந்து தெரியும் 30 நொடித் துண்டுகள் மூன்று. பத்துப் புகைப்படங்கள். இவற்றை ஆறு மாதம் அவர் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை.

அதே 2,400ஐ இப்போது பாருங்கள். துண்டுகளும் படங்களும் உரிமையும் 1,800 ராண்டுக்குப் பெறுமானம் என்று அவர் ஒத்துக்கொண்டால், என் சேனலின் பார்வை ஈட்ட வேண்டியது 600 மட்டும். அதாவது 33 பாக்கெட். 420 பார்வையில் பதின்மூன்றுக்கு ஒன்று. அதுவும் எளிதில்லை, ஆனால் நம்பக்கூடிய எண். அதோடு அந்த மூன்று துண்டுகளும் அவருடைய சொந்த வாடிக்கையாளர் முன் ஆறு மாதம் ஓடும்.

உங்கள் எண்களை வைத்து இதே கணக்கைத் தாளில் போடுங்கள். கடைசி எண் ஐந்தில் ஒன்றுக்கு மேல் வந்தால் விலையைக் குறைக்காதீர்கள், தருவதைக் கூட்டுங்கள்.

4. நாற்பது நொடி மாதிரி ஒன்று எடுத்து வையுங்கள்

வாங்கி வைத்த பாக்கெட்டைத் திறந்து ஒரு கறி செய்யுங்கள். எண்ணெயில் வெங்காயம் வதங்கும்போது மசாலா விழுந்து நிறம் மாறும் அந்த இடம், கறி கொதிக்கும் இடம், தட்டில் வைத்த இடம் என்று மூன்று காட்சிகள் போதும். பாக்கெட் ஒரே ஒரு முறை, இயல்பாகக் கையில் தெரியட்டும்.

யூடியூபில் ஏற்றும்போது Unlisted என்று வையுங்கள். Private என்று வைத்தால் இணைப்பைத் தட்டினாலும் அவருக்குத் திறக்காது. ஒரு அக்கா Private என்று வைத்து அனுப்பிவிட்டு மூன்று வாரம் காத்திருந்தார். Public என்று வைத்தால், அவரைக் கேட்காமல் விளம்பரத்தை வெளியிட்டுவிட்டு அப்புறம் காசு கேட்பதுபோல் ஆகிவிடும்.

மாதிரி எதற்கு என்றால், “நான் நன்றாக எடுப்பேன்” என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை. தன் பாக்கெட் வேறொருவர் அடுப்படியில் இருப்பதை அவர் பார்த்தால் போதும்.

5. தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

நம்மவர்கள் மசாலா அதிகம் வாங்கும் காலம் எது என்று யோசியுங்கள். நான் புரட்டாசியைத் தேர்ந்தெடுத்தேன். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை டர்பனில் பல வீடுகளில் கறிச்சட்டியே மாறிவிடும். காட்ரா பீன்ஸ், டபுள் பீன்ஸ், பருப்பு, சோயா என்று ஒரு மாதம் ஓட வேண்டும். “இன்றைக்கு என்ன சமைப்பது” என்ற கேள்வி தினமும் எழும் மாதம் அது.

செப்டம்பர் இரண்டாம் வாரம் வீடியோ வெளியாக வேண்டும் என்றால், பதிலுக்கும் பேச்சுக்கும் மூன்று வாரம், மசாலா வந்து சேர ஒரு வாரம், படம் எடுத்து வெட்ட இரண்டு வாரம், அவர் பார்த்துச் சரி சொல்ல ஒரு வாரம், எதற்கும் கைவசம் ஒரு வாரம். மொத்தம் எட்டு வாரம். ஜூலை நடுவுக்குள் மெயில் போய்விட வேண்டும். செப்டம்பரில் எழுதினால் அவர் பாக்கெட் கட்டிக்கொண்டிருப்பார், மெயில் படிக்க மாட்டார்.

மாதத்துக்குள்ளும் நாள் பார்க்க வேண்டும். இங்கே சம்பளம் வரும் 25ஆம் தேதியிலிருந்து அடுத்த மாத முதல் சில நாள் வரை கடைகளில் கூட்டம் நெரியும். அதனால் 5ஆம் தேதிக்கும் 15ஆம் தேதிக்கும் நடுவில், செவ்வாய் அல்லது புதன் காலையில் அனுப்புகிறேன். வெள்ளியும் சனியும் கடைக்காரருடைய நாட்கள்.

இன்னொன்று. புரட்டாசிக்கு எழுதும் மெயிலில் ஆட்டுக்கறி வீடியோவின் இணைப்பை வைக்காதீர்கள். அதிகம் ஓடிய வீடியோ அதுதான் என்று ஒருவர் வைத்திருந்தார். இந்த மாதத்தின் கடை வியாபாரம் தெரியாதவர் என்று அதிலேயே முத்திரை விழுந்துவிடும்.

6. மெயிலைப் படிக்கப்போகிறவர் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாக்கெட்டின் பின்புறம் முகவரி இருக்கும், பெரும்பாலும் மின்னஞ்சலும் இருக்கும். பொதுப்பெட்டி முகவரியாக இருந்தால் கடைக்குப் போய் மசாலா வாங்கும்போது கேளுங்கள்: “உங்கள் முகநூல் பக்கத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” சிறு குடும்ப வியாபாரத்தில் அது அநேகமாக மகளோ மருமகளோ மகனோ. நான் கேட்டபோது கல்லாவில் இருந்த பெரியவர் மருமகள் பெயரைச் சொல்லி, எழுதியும் கொடுத்தார்.

பெயர் தெரிந்ததும் ‘ஆன்ட்டி’, ‘அண்ணா’ என்று மெயிலில் தொடங்க வேண்டாம். நேரில் அப்படிக் கூப்பிடுவது நம் வழக்கம், அது சரி. காசு பற்றிய எழுத்தில் அது உறவைச் சொல்லித் தள்ளுபடி கேட்பதுபோல் அவருக்கும் சங்கடம், பின்னால் பாக்கியைக் கேட்கும்போது உங்களுக்கும் சங்கடம். திருமதி, திரு என்றே எழுதுங்கள்.

7. இப்போது மெயில்

நான் அனுப்பியது ஆங்கிலத்தில்தான். இங்கே வியாபாரக் கடிதம் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. ‘வணக்கம்’ மட்டும் வணக்கமாகவே இருந்தது. உள்ளடக்கம் இது:

> தலைப்பு: புரட்டாசி காட்ரா பீன்ஸ் கறி, உங்கள் மசாலாவில்
>
> வணக்கம் திருமதி ____,
>
> நான் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். நான்கு வருடமாக எங்கள் வீட்டில் உங்கள் கறி மசாலாதான். காட்ரா பீன்ஸ் கறிக்கு அதில் இருக்கும் சோம்பு வாசனை நன்றாகப் பொருந்துகிறது. போன வாரம் அதை வைத்துச் சமைத்த 40 நொடிக் காட்சி இது: ____
>
> நான் ஒரு சிறிய சமையல் சேனல் நடத்துகிறேன். ஒரு வீடியோ முதல் 28 நாளில் சுமார் 730 முறை பார்க்கப்படுகிறது. அதில் 420 தென்னாப்பிரிக்காவில், அதில் பாதி டர்பன் வட்டாரத்தில்.
>
> இந்தப் புரட்டாசிக்கு உங்கள் மசாலாவில் ஒரு பீன்ஸ் கறி வீடியோ செய்ய நினைக்கிறேன். அதிலிருந்து உங்கள் பக்கத்திலும் வாட்ஸ்அப்பிலும் ஆறு மாதம் போட்டுக்கொள்ள மூன்று சிறு துண்டுகளும் பத்துப் படங்களும் தருவேன்.
>
> இது ஒரே ஒரு முறைக்கான செலவு, மூவாயிரம் ராண்டுக்குள். விவரத்தை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பலாமா? வேண்டாம் என்றால் ஒரு வரி போதும், மறுபடி எழுத மாட்டேன்.
>
> பெயர், சேனல் பெயர், கைபேசி எண்

தலைப்பில் ‘ஸ்பான்சர்’, ‘கூட்டு முயற்சி’, ‘வாய்ப்பு’ எதுவும் இல்லை. அந்தச் சொற்கள் தினமும் வரும் விளம்பர மெயில்களில் இருப்பவை. பண்டிகை, உணவு, அவருடைய பொருள் மூன்றும் இருந்தால் அது தனக்கு வந்தது என்று தெரியும். நீளமும் முக்கியம், கைபேசியில் தலைப்பின் பின்பாதி வெட்டுப்படும்.

முதல் பத்தியில் என்னைப் பற்றி ஒரு வரிதான். சோம்பு வாசனை பற்றிய வரி வேறு எந்த மசாலாக்காரருக்கும் பொருந்தாது. “உங்கள் தரமான பொருட்கள் எங்களுக்கு மிகவும் பிடிக்கும்” என்ற வரி எல்லோருக்கும் பொருந்தும், அதனால்தான் அது யாரையும் தொடாது. சமைத்துப் பார்க்காமல் இப்படி ஒரு வரி எழுத வராது. நான்காவது படி ஏழாவதற்கு முன் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எண்கள் இரண்டாம் பத்தியில், மறைக்காமல், மன்னிப்புக் கேட்காமல். “சிறிய சேனல்தான், ஆனால் வேகமாக வளர்கிறது” என்று பலர் சேர்க்கிறார்கள். வேண்டாம், வளர்ச்சியை அவரால் பாக்கெட்டாக மாற்ற முடியாது. ‘முறை பார்க்கப்படுகிறது’ என்று எழுதியதையும் கவனியுங்கள். ‘730 பேர் பார்க்கிறார்கள்’ என்றால் தவறு, ஒருவரே இரண்டு முறை பார்த்திருக்கலாம்.

மூன்றாம் பத்தியின் முதல் வரைவில், “உங்கள் முகநூல் பக்கத்தில் சமைத்த படம் ஒன்றுகூட இல்லை” என்று எழுதியிருந்தேன். உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்தை நடத்துபவரே இதைப் படிக்கப்போகிறார். அந்த வரியை எடுத்துவிட்டு, என்ன தருவேன் என்பதை மட்டும் வைத்தேன். குறையை அவரே பார்த்துக்கொள்வார்.

கடைசிப் பத்தியில் சரியான விலையைச் சொல்லவில்லை, உச்ச வரம்பை மட்டும் சொன்னேன். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் பத்தாயிரம் கேட்பாளோ என்று பயந்து பதில் போடாமல் விட்டுவிடுவார். சரியான எண்ணைச் சொன்னால், என்ன கிடைக்கும் என்று முழுதாகப் படிக்கும் முன்பே அதிகமா குறைவா என்று தீர்ப்பு விழும். கேள்வி ஒன்றே ஒன்று, அதற்குச் ‘சரி, அனுப்புங்கள்’ என்று இரண்டு சொல்லில் பதில் எழுதலாம். “எப்போது சந்திக்கலாம், உங்கள் பட்ஜெட் என்ன, எந்தப் பொருளை முன்னிறுத்த விரும்புகிறீர்கள்” என்று மூன்று கேட்டால், யோசித்து அப்புறம் எழுதலாம் என்று மூடிவைப்பார். அந்த அப்புறம் வராது.

8. அனுப்பும் முன் பத்து நிமிடம்

முதலில் உங்களுக்கே அனுப்பி, கைபேசியில் திறந்து பாருங்கள். மாதிரி இணைப்பை, உங்கள் கணக்கு நுழைந்திராத வேறொருவர் கைபேசியில் தட்டிப் பாருங்கள். கோப்பு எதையும் இணைக்காதீர்கள். அறியாதவரிடமிருந்து கோப்போடு வரும் மெயில் என்றால் போலி இன்வாய்ஸ் பார்த்துப் பழகிய கடைக்காரர் திறக்கவே மாட்டார்.

ஒரே மெயிலைப் பெயர் மாற்றி இருபது பேருக்கு அனுப்புவது இங்கே வேலைக்கு ஆகாது. மசாலா அரைப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்.

9. பதில் வராவிட்டால்

‘என் மெயிலைப் பார்த்தீர்களா’ என்று நான்கு நாளைக்கு ஒரு முறை எழுதச் சொல்லும் அறிவுரையை இந்த நாட்டில் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். போப்பியா என்று நாம் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, கேட்காமல் அனுப்பும் மின்னணு விளம்பரங்களைக் கட்டுப்படுத்துகிறது. வாடிக்கையாளராக இல்லாத ஒருவரிடம் ஒப்புதல் கேட்க ஒரே ஒரு முறைதான் அணுகலாம் என்பது அதன் சாரம். அந்தச் சட்டம் நிறுவனங்களின் தகவலையும் காக்கிறது. நான் வக்கீல் இல்லை. ஆனால் உங்கள் மெயில் ஒரு சேவையை விற்கும் மெயில். அது ‘அனுப்பலாமா’ என்ற கேள்வியோடு முடிவதற்கும், மறுபடி எழுத மாட்டேன் என்று சொல்வதற்கும் இதுவும் காரணம்.

அதனால் இரண்டு வாரம் கழித்து மெயில் எழுத மாட்டேன், கடைக்குப் போவேன். மசாலா வாங்கிவிட்டு, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, “ஒரு மெயில் அனுப்பியிருந்தேன், பீன்ஸ் கறி வீடியோ பற்றி” என்று சொன்னால் போதும். மாதிரியைக் கைபேசியில் வைத்திருங்கள். பார்க்கக் கேட்டால் காட்டுங்கள், கேட்காவிட்டால் பாக்கெட்டோடு வீட்டுக்கு வாருங்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்தது.

10. ‘அனுப்புங்கள்’ என்று வந்தால்

அன்றே ஒரு பக்கம் அனுப்புங்கள். அது முன்பே எழுதி வைத்ததாக இருக்க வேண்டும். என்ன தருவீர்கள், எந்தத் தேதியில், எத்தனை முறை திருத்தம் (நான் ஒரு முறை என்று வைக்கிறேன்), ஆறு மாத உரிமை எந்தத் தேதியில் முடியும், விலை 2,400 ராண்ட், பாதி முன்பணம், பாதி வெளியிடும் முன்.

எனக்கு வந்த பதில்: “பணத்துக்குப் பதிலாக மசாலா தரலாமா?” இது அடிக்கடி வரும். அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சரக்கு அவரிடம் இருக்கிறது, பணம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் 2,400 ராண்டுக்கு 40 பாக்கெட் வரும், உங்கள் வீட்டில் அது கெட்டுப்போகும். நான் விலையைத் தொடாமல் தருவதைப் பிரித்தேன்: மசாலாவுக்கு ஈடாக வேண்டுமானால் சேனல் வீடியோ மட்டும், துண்டுகளும் படங்களும் உரிமையும் 1,800. அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு, 1,800 பணமாகவும் பத்துப் பாக்கெட் மசாலாவாகவும் தந்தார். மூன்றாவது படியில் போட்ட கணக்கு இங்கே கை கொடுத்தது. எது எவ்வளவு என்று பிரித்து வைத்திராவிட்டால் அந்த இடத்தில் தடுமாறியிருப்பேன்.

முன்பணம் வந்ததா என்பதை உங்கள் வங்கிக் கணக்கில் பாருங்கள். பணம் அனுப்பியதற்கான சான்று என்று வரும் படத்தை நம்பிச் சாமான் வாங்கப் போகாதீர்கள். யாரையும் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, போலிச் சான்றுகள் இங்கே அதிகம். இந்த வருமானத்துக்கும் வரிக் கணக்கு உண்டு, இன்வாய்ஸ் நகலை எடுத்து வையுங்கள்.

வீடியோ ஏற்றும்போது, பணம் வாங்கிய விளம்பரம் இருக்கிறது என்பதற்கான paid promotion கட்டத்தில் குறியிடுங்கள். மசாலா மட்டும் இலவசமாக வாங்கியிருந்தாலும் குறியிட வேண்டும். நாட்டின் விளம்பர ஒழுங்கு வாரியத்தின் சமூக ஊடக விதிகளும் இதைத் தெளிவாகச் சொல்லக் கேட்கின்றன. இதை அந்த ஒரு பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். விளம்பரம் என்று தெரியாமல் போடச் சொல்லிப் பின்னால் கேட்பவர்கள் உண்டு. முன்பே எழுதியிருந்தால் அந்தப் பேச்சு எழாது.

வெளியான 28ஆம் நாள், அவர் கேட்கும் முன், நான்கு வரியில் கணக்கு அனுப்புங்கள்: மொத்தப் பார்வை, தென்னாப்பிரிக்கப் பார்வை, பார்வையாளர் கேட்ட இரண்டு கேள்விகள், நீங்கள் சொன்னதற்கும் நடந்ததற்கும் வித்தியாசம். எனக்கு வந்தது 690. சொன்னதைவிட 40 குறைவு என்று முதல் வரியிலேயே எழுதினேன். மசாலா எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒன்பது பேர் கேட்டிருந்தார்கள், அதில் நான்கு பேர் ஃபீனிக்ஸ் பக்கம். அவருக்கு ஃபீனிக்ஸில் அப்போது கடை எதிலும் தட்டு இல்லை. பதிலில் 690 பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. அந்த நான்கு பேர் ஃபீனிக்ஸில் எந்தப் பகுதி என்று தெரியுமா என்றும், துண்டுகளின் உரிமையை இன்னும் ஆறு மாதம் நீட்ட எவ்வளவு என்றும் கேட்டிருந்தார்.